மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஆறு விநாடி: பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் வீடியோவுக்குக் குரல் ஸ்கிரிப்ட் எழுதும் முறை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தால், கடல் பக்கம் மின்னல் வெட்டுவது நன்றாகத் தெரியும். இடி வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். அது ஏன் என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு 90 விநாடியில் சொல்லும் ஒரு வீடியோவுக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டையே இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அதை ஐந்து முறை திருத்த வேண்டியிருந்தது. எந்த இடத்தில் ஏன் திருத்தினேன் என்பதைச் சொன்னால், முதன்முறையாக எழுதுகிறவர்களுக்கு அதே வேலை பாதியாகக் குறையும்.

படி 1: கேள்வியையும் விடையையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள்

கேள்வி: மின்னல் முதலில் தெரிந்து, இடி பிறகு கேட்பது ஏன்? விடை: இரண்டும் ஒரே நேரத்தில் உண்டானாலும், வெளிச்சம் நம்மிடம் உடனே வந்துவிடுகிறது, சத்தம் மெதுவாக வருகிறது. இந்த இரண்டு வரிகளையும் தாளின் தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டால், எதை வெட்டுவது என்பதில் குழப்பம் வராது. மின்னல் பாயும் வழியில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை உயரும் என்ற செய்தியை முதல் வரைவில் ஆசையோடு சேர்த்திருந்தேன். வியப்பான செய்திதான், ஆனால் மேலே உள்ள கேள்விக்கு அது விடை சொல்லவில்லை என்பதால் எடுத்துவிட்டேன்.

படி 2: உங்கள் வாசிப்பு வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் கால இடைநிலையும் விகுதியும் சேர்ந்து ஒரே சொல்லாக நீள்வதால், அதே ஒரு நிமிடத்தில் நாம் சொல்லும் சொற்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து 200 சொற்கள் கொண்ட பகுதி ஒன்றை, பின்வரிசை மாணவருக்கும் புரியும்படி நிதானமாக வாசித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 2 நிமிடம் 10 விநாடி ஆயிற்று, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 92 சொற்கள்.

90 விநாடி வீடியோ என்றால் 138 சொற்கள் எழுதலாம் என்று தோன்றும். ஆனால் இடி முழக்கத்துக்கும், படத்தைப் பார்க்கவும் யோசிக்கவும் விடும் இடைவெளிகளுக்கும் நான் 20 விநாடி ஒதுக்கியிருந்தேன். மீதி 70 விநாடிக்கு 107 சொற்கள்தான் கிடைக்கும். நான் 105 என்று வரம்பு கட்டிக்கொண்டேன். முதலில் எழுதிவிட்டுப் பிறகு நேரத்துக்குள் திணிக்க முயன்றால் வேகமாக வாசிக்கத்தான் தோன்றும், வேகமாக வாசித்தால் மாணவர் பாதியிலேயே விட்டுவிடுவார்.

படி 3: கண்ணுக்கு எழுதியதைக் காதுக்கு மாற்றுங்கள்

வேலையில் பெரும்பகுதி இதுதான். என் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது:

"மேகங்களுக்குள் ஏற்படும் மின்னிறக்கத்தினால் சூடேறித் திடீரென விரிவடையும் காற்றினால் உண்டாகும் அதிர்வே இடி எனப்படும் ஒலியாகும்."

இதில் இலக்கணப் பிழை இல்லை, தேர்வுத் தாளில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் காதால் கேட்கும் மாணவருக்கு இந்த வாக்கியம் எதைப் பற்றியது என்பது பத்தாவது சொல்லில்தான் தெரிகிறது. தமிழில் பெயரெச்சங்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து அடுக்கிக்கொள்ளும். படிப்பவர் கண்ணைத் திருப்பி மறுபடி பார்த்துக்கொள்வார், கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. "ஏற்படும்", "விரிவடையும்", "உண்டாகும்" என்று வரிசையாக வரும் எச்சங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரு வாக்கியத்தில் இரண்டுக்கு மேல் வட்டம் விழுந்தால், அதை உடைத்துப் பொருளை முன்னால் கொண்டுவர வேண்டும். நான் மாற்றியது இது:

"இடி எப்படி உண்டாகிறது? // மின்னல் பாயும் வழியில் உள்ள காற்று நொடிப்பொழுதில் கடுமையாகச் சூடாகிறது. / சூடான காற்று சட்டென விரிகிறது. / அந்த அதிர்வுதான் நமக்கு இடியாகக் கேட்கிறது."

ஒரு சாய்கோடு அரை விநாடி நிறுத்தம், இரண்டு சாய்கோடுகள் ஒன்றரை விநாடி நிறுத்தம். 12 சொற்கள் 20 ஆகிவிட்டன என்பதைக் கவனியுங்கள். தெளிவுக்கு நேரத்தில்தான் விலை கொடுக்க வேண்டும், அதனால்தான் அந்த 30,000 டிகிரியை முன்பே வெட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பாடத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் எனக்குப் பிறகுதான் உறைத்தது. "ஒளி ஒலியைவிட வேகமானது" என்று எழுதியபோது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பதிவு செய்த குரலை அண்ணன் மகளுக்குப் போட்டுக் காட்டியபோது, அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, "சித்தப்பா, எது எதைவிட வேகம்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ளகர லகர வேறுபாட்டை நான் சரியாக உச்சரித்தாலும், கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது நழுவிவிடுகிறது. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கும் மாணவர்களுக்கு அது கேட்கவே கேட்காது.

ஆகவே விளக்கம் முழுவதிலும் "வெளிச்சம்", "சத்தம்" என்ற சொற்களையே வைத்தேன். தேர்வில் ஒளி, ஒலி என்றுதான் எழுத வேண்டும் என்பதால், அந்தச் சொற்களை ஒரே ஒரு இடத்தில், திரையில் எழுத்தாகத் தோன்றும்போது மட்டும் சொன்னேன்: "வெளிச்சத்தைப் பாடநூல் ஒளி என்கிறது. / சத்தத்தை ஒலி என்கிறது." "ளி"யும் "லி"யும் வேறு வேறு நிறத்தில் வர வேண்டும் என்று படத்துக்கான குறிப்பில் எழுதினேன்.

எண்களையும் வாசிக்கும் விதத்திலேயே எழுதிவிடுங்கள். "3,00,000 கி.மீ./வி" என்று தாளில் இருந்தால் மைக் முன்னால் தடுமாறுவீர்கள், "ஒரு விநாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர்" என்று இருந்தால் தடுமாற மாட்டீர்கள். ஒரு மூச்சில் ஒரு எண் போதும். காற்றில் சத்தத்தின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் என்பதைத் திரையில் மட்டும் காட்டி, குரலில் "மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்" என்று சொன்னேன். மாணவர் மனத்தில் வைத்துக் கணக்குப் போடக்கூடியது அதுதான்.

படி 4: மௌனத்தையும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள்

தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் படத்தையும் வலப்பக்கம் குரலையும் எழுதுவது வழக்கம். நான் ஒலிக்கென்று மூன்றாவது பத்தி ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த வீடியோவின் உயிர் யாரும் பேசாத ஆறு விநாடியில் இருக்கிறது. அந்தப் பகுதி கடைசியில் இப்படி அமைந்தது:

குரல்: "மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள்." //

படம்: ஜன்னலுக்கு வெளியே மின்னல். உடனே திரை முழுவதும் இருட்டு.

ஒலி: மின்னல் தோன்றியதிலிருந்து 6 விநாடி முழு மௌனம். பின்னணி இசை வேண்டாம். எடிட்டிங்கில் வெட்டக் கூடாது. பிறகு இடி, 3 விநாடி.

குரல்: "ஆறு விநாடி. // மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். // அப்படியென்றால், / மின்னல் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது."

முதலில் நான் இந்த வரிசையைத் தவறாக எழுதியிருந்தேன். மின்னலைக் காட்டிய பிறகு "மின்னல் தெரிந்ததா? இப்போது எண்ணுங்கள்" என்று குரல் வந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று விநாடி போய்விடும், மாணவரின் கணக்கில் ஒரு கிலோமீட்டர் குறைந்துவிடும். கட்டளை எப்போதும் காட்சிக்கு முன்னால் வர வேண்டும்.

"எடிட்டிங்கில் வெட்டக் கூடாது" என்ற குறிப்புக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் பதிப்பில் அது இல்லாததால், படத்தைத் தொகுத்த நண்பர் ஏதோ வெற்றிடம் என்று நினைத்து, மௌனத்தை இரண்டு விநாடியாகச் சுருக்கிவிட்டார். நானும் கவனிக்காமல் அதை எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் போட்டுக் காட்டினேன். குரல் "ஆறு விநாடி" என்றதும், முன்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், நான் எண்ணினா ரெண்டுதான் வருது" என்றான். நண்பரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, தாளில் இல்லாததை அவர் எப்படி அறிவார்?

இதே பகுதியில் "மொட்டை மாடியில் நின்று பாருங்கள்" என்று தொடக்கத்தில் எழுதியிருந்ததையும் ஜன்னலுக்கு மாற்றினேன். இடி காதில் விழுகிற தொலைவில் இருக்கிறோம் என்றாலே மின்னல் தாக்கக்கூடிய தொலைவிலும் இருக்கிறோம். வீடியோவில் பார்த்ததை மாணவர்கள் செய்து பார்ப்பார்கள் என்று எண்ணியே எழுத வேண்டும்.

படி 5: படம் இல்லாமல் சோதியுங்கள்

கைப்பேசியில் குரலை மட்டும் பதிவு செய்து, அந்த வகுப்பில் படிக்கும் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் மகள் திருப்பிச் சொன்னபோது, "மின்னல் முதல்ல உண்டாகுது, அப்புறம் இடி உண்டாகுது" என்றாள். பாடத்தின் அடிப்படையே தவறிவிட்டது. ஸ்கிரிப்டில் தேடிப் பார்த்தேன். "இரண்டும் ஒரே நேரத்தில் உண்டாகின்றன" என்ற வாக்கியம், மின்னல் பளிச்சிடும் படத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் நிறுத்தம் இல்லாமல் வேகமாகக் கடந்து போனது. அதை முன்னால் நகர்த்தி, இருபுறமும் இரட்டைச் சாய்கோடு போட்டேன். அடுத்த முறை சரியாகச் சொன்னாள்.

பதிவு செய்யும்போது

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் எங்கள் தெருவரைக்கும் வரும். ஜன்னலை அடைத்து, மெத்தையைச் சுவரில் சாய்த்து, இரவு ஓய்ந்த பிறகுதான் பதிவு செய்வேன். தாளில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் பக்கம் திருப்பும்படி வைக்காதீர்கள், தாள் புரளும் சத்தம் மைக்கில் விழும்.

இறுதிப் பதிவு 1 நிமிடம் 34 விநாடி வந்தது. நான்கு விநாடி அதிகம். எடிட்டர் குரலின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்துவிடலாம் என்றார். அப்படிச் செய்தால் சாய்கோடுகள் எல்லாம் சுருங்கும், அந்த ஆறு விநாடியும் சேர்ந்து குறையும். மாறாக, முடிவில் இருந்த "அடுத்த வீடியோவில் மழை பற்றிப் பார்க்கலாம்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.