“தூக்கி விட்டுடலாம் சார்” என்பது வசதி ஆகாது

ஒரு லாட்ஜுக்குப் போன் செய்து “வீல்சேர் வருமா?” என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “வாங்க சார், படியிலே பசங்க தூக்கி விட்டுடுவாங்க.” சொல்பவர் மனதாரச் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விடுதிகளையும் உணவகங்களையும் அளந்து பார்க்கும் வேலையில் நான் கண்ட தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பிறந்தவை. கட்டடம் செய்ய வேண்டிய வேலையை ஆள் செய்துவிடுவார் என்று விட்டுவிடுகிறோம். மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் கனமான வகை, ஆள் இல்லாமலே எண்பது, நூறு கிலோ இருக்கும். அதை உட்கார்ந்திருப்பவரோடு தூக்க முடியாது. கையால் தள்ளும் நாற்காலியைத் தூக்கிவிடலாம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவர் கழிவறைக்குப் போக வேண்டுமே, அப்போது யார் வருவார்?

கும்பகோணத்தில் ஒரு மூன்று மாடி லாட்ஜ். கீழே சைவ உணவகம். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் தங்கும் இடம் என்பதால் வயதானவர்கள் நிறைய. 2028 மகாமகத்துக்கு முன் கட்டடத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று உரிமையாளர் அழைத்திருந்தார். வாசலில் ஏற்கெனவே ஒரு சாய்தளம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அளவுநாடாவை எடுத்தேன்.

வாசலில் ஐந்து படிகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. ஆக மொத்த உயரம் 75 செ.மீ. சாய்தளத்தின் நீளம் 2.4 மீட்டர். ஏறத்தாழ மூன்றடி நடந்தால் ஓரடி ஏறும் சரிவு. பைக்கை ஏற்றலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் தானாக ஏற முடியாது, பின்னால் தள்ளுகிறவருக்கும் மூச்சு வாங்கும். இறங்கும்போது முன்பக்கமாகச் சரிந்து விழுந்துவிடுவார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு 1:12. ஒரு செ.மீ. உயர்வுக்குப் பன்னிரண்டு செ.மீ. நீளம். அப்படிப் பார்த்தால் 75 செ.மீ.க்கு ஒன்பது மீட்டர் வேண்டும். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே இருந்ததோ இரண்டரை மீட்டர். கொத்தனார் கிடைத்த இடத்துக்குள் முடித்துவிட்டார். பெரும்பாலான சாய்தளங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. 120 செ.மீ. நீள நேர்ப்பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் வையுங்கள். அதன் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவே வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்குக் கீழே இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் சரிவு தவறு.

முன்வாசலிலேயே தீர்வு தேடியதுதான் அங்கே நடந்த இன்னொரு தவறு. பக்கத்தில் வண்டி நிறுத்தும் முற்றம் இருந்தது. சாலையிலிருந்து பதினெட்டு மீட்டர் உள்ளே போவதற்குள் அது மெல்ல மெல்ல 45 செ.மீ. உயர்ந்துவிடுகிறது. அந்தச் சரிவு நடப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அங்கிருந்து வரவேற்பறைத் தரைக்கு மிச்சம் 30 செ.மீ.தான். 3.6 மீட்டர் சாய்தளம் போதும். பக்கச் சுவரில் புதிதாக ஒரு கதவு திறந்தோம். அகலம் 120 செ.மீ., சக்கரம் வழுக்கி வெளியே விழாமல் ஓரத்தில் சிறு திண்டு, இரு பக்கமும் கைப்பிடி. மேலே கதவுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டோம். அது இல்லாவிட்டால் கதவைத் திறக்கக் கை எடுக்கும் நொடியில் நாற்காலி பின்னால் உருளும். தரைக்குப் பளபளப்பான கிரானைட் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். ஐப்பசி மழையில் அது சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடும்.

சமையற்கட்டு வழியாகப் பின்வாசல் இருக்கிறதே என்று ஒருவர் யோசனை சொன்னார். விருந்தாளியைச் சாம்பார் அண்டாவுக்கும் குப்பைக் கூடைக்கும் நடுவே அழைத்து வருவது முறையல்ல. இப்போது அந்தப் பக்க வாசலில்தான் பெட்டி இழுத்து வருகிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

அடுத்தது குளியலறை. என்னைக் கேட்டால் சாய்தளத்தைவிட இதுதான் பெரிய விஷயம். வாசல் ஏறிவிட்ட விருந்தாளி அறைக்குள் போய்க் கழிவறைக் கதவில் முட்டி நிற்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். “இரண்டரை அடிக் கதவு சார், தாராளம்” என்பார்கள். இரண்டரை அடி என்பது நிலையோடு சேர்த்து 76 செ.மீ. இரு பக்க நிலைக்கட்டையும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போனால் உண்மையில் கிடைக்கும் வழி 61, 62 செ.மீ.தான். சாதாரண சக்கர நாற்காலியே 63 முதல் 68 செ.மீ. வரை அகலம், அதோடு சக்கரத்தைத் தள்ளும் கைகளும் இருக்கின்றன. ஆகவே கதவை நேராகத் திறந்து வைத்து, அதன் முகத்திலிருந்து எதிர் நிலை வரை அளக்க வேண்டும். அந்த அளவு 90 செ.மீ. இருக்க வேண்டும். கதவு உள்பக்கம் திறப்பதும் ஆபத்து. உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். சுவரோரமாகத் தள்ளும் கதவு போட்டால் இரண்டு சிக்கலும் தீரும்.

தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க வாசலில் கட்டும் கட்டை அடுத்த தடை. ஐந்து செ.மீ. கட்டை முன்சக்கரத்தைச் சுவர் போல நிறுத்திவிடும். அதை எடுத்துவிட்டு, தரையை உள்பக்கம் மெல்லச் சரித்து, நீளவாக்கில் ஒரு வடிகால் வைத்தால் தண்ணீர் வெளியே வராது.

கும்பகோணத்தில் இருந்த குளியலறை நாலடிக்கு ஏழடி. நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், கழிப்பிருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி நகர்ந்து உட்கார 90 செ.மீ. வேண்டும். எப்படிப் போட்டாலும் அடங்கவில்லை. கடைசியில் தரைத்தளத்தில் இரண்டு சிறிய அறைகளை ஒன்றாக்கினோம். ஓர் அறையின் வாடகை போகும் என்று உரிமையாளர் தயங்கினார், அது நியாயமான தயக்கம். ஆனால் இனி ஒரு குடும்பம் நான்கு பேராக அங்கே தங்கலாம். மேல் மாடி அறையைக் காட்டி லிஃப்ட் இருக்கிறதே என்றபோது மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. தீப்பிடித்தால் முதலில் கைவிடப்படுவது லிஃப்ட்தான்.

பிடிமானக் கம்பி செங்கல் சுவருக்குள் பதிய வேண்டும், ஒருவர் முழு எடையோடு தொங்கினாலும் அசையக் கூடாது. டைல்ஸில் ஒட்டும் ரப்பர் கைப்பிடியை நம்பவே நம்பாதீர்கள். குளிக்கப் பக்கெட்டும் குவளையும் என்றால், உட்கார ஒரு பலகையும் உட்கார்ந்த கைக்கு எட்டும் குழாயும் வேண்டும். கட்டிலையும் கவனியுங்கள். இப்போதைய தடிமன் மெத்தைகளால் கட்டில் 65, 70 செ.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. நாற்காலியின் இருக்கையோ ஐம்பது செ.மீ. அளவுதான். சமமாக இருந்தால் நகர்ந்துவிடலாம், இருபது செ.மீ. ஏறுவது முடியாத காரியம். இவ்வளவும் செய்து முடித்த அறைக்குள் துடைப்பத்தையும் கூடுதல் மெத்தையையும் அடுக்கி வைப்பவர்களும் உண்டு. அது வேண்டாம்.

காது கேளாதவர்களுக்குக் கட்டடத்தில் தடையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கதவைத் தட்டுவது, அறைத் தொலைபேசி, காலை எழுப்பும் அழைப்பு, தீ எச்சரிக்கை மணி எல்லாமே ஒலி என்பதை யோசிப்பதில்லை. ஓர் ஊரில் காது கேளாத தம்பதி தங்கியிருந்தார்கள். காபி கொண்டுபோன பையன் நாலு முறை தட்டிவிட்டு, என்னவோ ஏதோ என்று பயந்து மாற்றுச் சாவியால் திறந்துவிட்டான். அந்தப் பெண் அன்றே அறையைக் காலி செய்தார். அழுத்தினால் அறைக்குள் விளக்கு மின்னும் அழைப்புமணி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அது விலை அதிகமான பொருளும் அல்ல. தீ எச்சரிக்கைக்கும் மின்னும் விளக்கு வேண்டும், படுக்கையறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று. “பையன் போய் எழுப்பிடுவான்” என்று சொல்லாதீர்கள். புகை சூழ்ந்த நடைவழியில் அந்தப் பையனும் தப்பி ஓட வேண்டியவன்தான். அறைத் தொலைபேசிக்குப் பதிலாக வாட்ஸ்அப் எண் ஒன்றை மேசையில் எழுதி வையுங்கள்.

உணவகத்தில் இது வேறு விதமாக வருகிறது. “இட்லி பொங்கல் வடை பூரி தோசை” என்று பரிமாறுகிறவர் ஒரே மூச்சில் ஒப்பிப்பது நம் வழக்கம். பார்வையற்றவருக்கு இதைவிட நல்ல மெனு கிடையாது, கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும். காது கேளாதவருக்கோ அதில் ஒன்றும் எட்டாது. அவருக்குப் படமும் விலையும் போட்ட அட்டை வேண்டும். ஒருவருக்கு உதவும் வழி இன்னொருவருக்கு அடைத்திருக்கும். அதனால் இரண்டும் இருக்க வேண்டும்.

மேசையில் ஒட்டும் கியூஆர் மெனுவில் ஒரு மறைந்த தவறு இருக்கிறது. அச்சகத்தில் செய்த அட்டையைப் புகைப்படமாக ஏற்றிவிடுகிறார்கள். போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் அதைப் பெரும்பாலும் வெறும் படம் என்றுதான் சொல்லும். பிடிஎஃப் ஆக இருந்தாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கண்ணுக்கு “இட்லி” என்று தெரிவது உள்ளே `,l;yp` என்றுதான் இருக்கும். போன் அதைத்தான் வாசிக்கும். சோதிக்க ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், கவலையில்லை. பிரெயில் அட்டை இருந்தால் நல்லது, ஆனால் பார்வை இழந்த எல்லோருக்கும் பிரெயில் தெரியாது. வயதான பிறகு பார்வை குறைந்தவர்களுக்குப் பெரிய எழுத்து அட்டையும் மேசைக்கு நல்ல வெளிச்சமுமே போதும்.

இலைச் சாப்பாட்டில் நமக்கு ஒரு வரம் இருக்கிறது. எது எங்கே வரும் என்று பார்வையற்றவரின் கைக்கும் தெரியும். வழக்கமான இடத்தில் வைத்து, “வலது பக்கம் கூட்டு, சூடு” என்று அவரிடமே சொல்லுங்கள், கூட வந்தவரிடம் அல்ல. சொல்லாமல் ரசத் தம்ளரை வைப்பதுதான் கையைச் சுடும் தவறு.

பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

வேலை முடிந்த பிறகு வரவேற்பு மேசையில் ஒரு தாள் ஒட்டச் சொன்னேன். யாராவது போனில் கேட்டால் படிக்க வேண்டியது அது. “பக்க வாசலில் படி இல்லை. அறை எண் 3, குளியலறைக் கதவு 90 செ.மீ., கட்டில் 48 செ.மீ. அழைப்புமணிக்கு விளக்கு உண்டு. மாடி ஹாலுக்குப் போகும் லிஃப்டின் கதவு 70 செ.மீ.தான், பெரிய நாற்காலி நுழையாது. போட்டோ அனுப்பட்டுமா?”