உங்க டிவில டால்பி விஷன் இல்லன்னா படம் எப்படி ஓடும்? ஸ்டெப் பை ஸ்டெப்பா பாத்துடலாம்

ஒரு தடவ நண்பர் வீட்ல பென் டிரைவ்ல இருந்த டெமோ கிளிப் ஒண்ண போட்டோம், ஆளுங்க மூஞ்சி எல்லாம் பச்சையாவும் வானம் ஊதா கலர்லயும் வந்துச்சு, பேனல் போயிடுச்சுன்னே நெனச்சுட்டோம். டிவி மேல தப்பே இல்ல. அந்த ஃபைல் எந்த டைப்னு பாக்காம போட்டதுதான் தப்பு. அது ஏன்னு கடைசி ஸ்டெப்ல சொல்றேன்.

ஸ்டெப் 1: மெட்டாடேட்டா என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கங்க

சாதா வீடியோவ விட வெளிச்சத்தையும் இருட்டையும் அதிகமா காட்டற முறைதான் ஹெச்டிஆர். ஹெச்டிஆர் படத்துல ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளிச்சமா இருக்கணும்ங்கறத, வெளிச்சத்த அளக்கற நிட்ஸ் கணக்குலயே எழுதி வச்சிருப்பாங்க. இந்த முறைல 10,000 நிட்ஸ் வரைக்கும் எழுதலாம், ஆனா வீட்டு டிவி அதுல ஒரு சின்ன பங்குதான் காட்டும். மிச்சத்த எப்படியாவது அமுக்கி உள்ள கொண்டு வரணும்ல, அதுக்குப் பேருதான் டோன் மேப்பிங். எவ்வளவு அமுக்கணும்னு டிவிக்கு ஒரு துண்டுச்சீட்டு குடுத்து விடுவாங்க, அதான் மெட்டாடேட்டா.

ஹெச்டிஆர்ல பல வகை உண்டு, டால்பி விஷனும் அதுல ஒண்ணு. ஹெச்டிஆர்10ங்கற வகைல அந்தச் சீட்டு முழுப் படத்துக்கும் ஒண்ணே ஒண்ணு, அதனால ஸ்டாட்டிக். டால்பி விஷன், ஹெச்டிஆர்10 பிளஸ் ரெண்டுலயும் சீன் மாற மாற, தேவைப்பட்டா ஃபிரேமுக்கு ஃபிரேம் கூட, சீட்டு மாறும், அது டைனமிக். பிபிசியும் ஜப்பானோட என்ஹெச்கேவும் ஒளிபரப்புக்காக உருவாக்கின ஹெச்எல்ஜின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இந்தச் சீட்டே தேவையில்ல.

ஸ்டெப் 2: ஒரு கணக்கு போட்டுப் பாருங்க

நம்பர் எல்லாம் புரியறதுக்காக நானா எடுத்தது. உங்க டிவி அதிகபட்சம் 600 நிட்ஸ் காட்டும்னு வச்சுக்கங்க. படத்துல ஒரே ஒரு இடத்துல ஒரு வெடிப்பு, அது 4000 நிட்ஸ். இன்னொரு சீன்ல ராத்திரி தெரு, அதுல இருக்கற விளக்கு 500 நிட்ஸ். ஹெச்டிஆர்10 சீட்டுல "அதிகபட்சம் 4000"னு மட்டும்தான் இருக்கும், அதனால டிவி எப்போ அந்த 4000 வருமோன்னு பயந்து மேல எடம் காலியா விட்டுட்டே இருக்கும், 500 விளக்க அப்படியே காட்டற தெம்பு இருந்தும் கொறச்சு 400 மாதிரிதான் காட்டும். டைனமிக்ல "இந்த சீன்ல 500தான் மேக்ஸ்"னு தெரிஞ்சுடும், விளக்கு முழுசா வரும், வெடிப்பு வரும்போது மட்டும் அமுக்கும்.

இதுலயே இன்னொரு விஷயமும் இருக்கு. படம் 1000 நிட்ஸ்க்குள்ள முடிஞ்சு உங்க டிவி 1500 காட்டும்னா அமுக்க வேண்டிய வேலையே பெருசா இல்ல, வித்தியாசமும் பெருசா தெரியாது. அதனால டைனமிக்கோட அருமை வெளிச்சம் கம்மியான டிவிலதான் நல்லா தெரியும். விலை ஒசந்த டிவி வாங்கிட்டு டால்பி விஷன் லோகோ இல்லையேன்னு கவலப்படறவங்க இத கொஞ்சம் யோசிங்க.

ஸ்டெப் 3: டிவி எதுக்கு எறங்குதுன்னு பாருங்க

சாம்சங் டிவில டால்பி விஷன் கிடையாது, எல்ஜி டிவில ஹெச்டிஆர்10 பிளஸ் கிடையாது. ஆனாலும் படம் ஓடாம நிக்காது. 4கே புளூ-ரே டிஸ்க்ல டால்பி விஷன் இருந்தாலும் அடில ஹெச்டிஆர்10 இருந்தே ஆகணும், தெரியாத சீட்ட டிவி கண்டுக்காம விட்டுட்டு ஹெச்டிஆர்10ஆ ஓட்டிடும். ஸ்ட்ரீமிங் ஆப்னா டிவிக்கு என்ன தெரியும்னு முதல்லயே பாத்துட்டு அதுக்கேத்த வெர்ஷன அனுப்பும். படம் ஓடும்போது ரிமோட்ல பிக்சர் செட்டிங்ஸ தொறந்தா இப்ப எந்த ஃபார்மட் ஓடுதுன்னு நெறைய டிவில தெரியும்.

சில டிவி சீட்ட நம்பாம ஒவ்வொரு ஃபிரேமையும் தானே பாத்து அமுக்கும், மெனுல டைனமிக் டோன் மேப்பிங்னு இருக்கும். பரவால்லாம வேல செய்யும், ஆனா அது டிவியோட ஊகம்தான், டைரக்டர் நெனச்சத விட சீன் பிரைட்டாகிடறதும் உண்டு.

ஸ்டெப் 4: ஃபைலா இருந்தா போடறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க

கம்ப்யூட்டர்ல வீடியோ ஃபைலோட விவரத்த காட்டற மீடியாஇன்ஃபோவோட கமாண்ட் லைன் வெர்ஷன போட்டு, clip.mkv இருக்கற எடத்துல உங்க ஃபைல் பேர குடுத்து இப்படி ஓட்டுங்க:

```
mediainfo clip.mkv
```

இதுல `HDR format`ங்கற வரிய பாருங்க. `dvhe.08`னு இருந்து பக்கத்துலயே `HDR10 compatible`னு இருந்தா பயமில்ல, எந்த ஹெச்டிஆர் டிவிலயும் கலர் சரியா வரும். `dvhe.05`னு இருந்தா உஷார், அதுக்கு அடில ஹெச்டிஆர்10 கிடையாது, கலர எழுதி வச்சிருக்கற முறையே வேற. டால்பி விஷன் தெரியாத டிவி அத சாதா வீடியோன்னு நெனச்சு படிச்சா பச்சையும் ஊதாவுமாதான் வரும். நண்பர் வீட்ல வந்ததும் இதேதான். பிக்சர் செட்டிங்ஸ எவ்வளவு நோண்டினாலும் சரியாகாது, அத மாத்தித் தர்ற பிளேயர்ல போடணும், இல்ல அதே படத்தோட ஹெச்டிஆர்10 ஃபைல தேடணும்.

கலர் எல்லாம் சரியா இருந்தும் படம் சாம்பல் பூசின மாதிரி வெளிறிப் போயிருந்தா அது வேற கேஸ்: ஹெச்டிஆரே இல்லாத டிவிக்கு பிளேயர் கன்வெர்ட் பண்ணாம அப்படியே அனுப்புது. பிளேயர் செட்டிங்ஸ்ல ஹெச்டிஆர ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.