உப்பு மாவு, ஃபெல்ட், காகிதம்: கிறிஸ்துமஸ் மர அலங்காரங்களை ஈரம் கெடுக்கும் இடங்கள்

நான் முதன்முதலில் உப்பு மாவில் செய்த நட்சத்திரம் ஓவனிலிருந்து வந்தபோது கல் மாதிரி இருந்தது. அன்று மாலையே வண்ணம் தீட்டி, வார்னிஷ் அடித்து, மரத்தில் மாட்டினேன். நான்காம் நாள் பார்த்தால் நுனிகள் தொங்கிவிட்டன, வண்ணமும் கொப்புளித்திருந்தது. மேல்பக்கம் மட்டும்தான் காய்ந்திருக்கிறது. உள்ளே மிச்சமிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் வார்னிஷ் அடைத்துவிட்டது.

இந்தத் தவறு மாவு பிசையும்போதே தொடங்குகிறது. 2 கப் மைதாவுக்கு 1 கப் பொடியுப்பு போதும். தண்ணீர் முக்கால் கப்பில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு கப்பைத் தாண்ட வேண்டி வராது. கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், காயும்போது சுருங்கி வெடிக்கும். பேக்கிங் பவுடர் கலந்த மாவு வேண்டாம், உப்பி உருவம் கெட்டுவிடும். பத்து நிமிடம் பிசைந்து, 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டுங்கள். நூல் கோர்க்கும் துளையை அப்போதே ஸ்ட்ராவால் போட வேண்டும், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி. காய்ந்த பிறகு துளையிட்டால் உடையும்.

ஓவன் சூடு 110 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். சீக்கிரம் முடியட்டும் என்று 180-இல் வைத்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவைக் குமிழ் குமிழாக உப்ப வைக்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். ஆறியதும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மட்டும் நிறம் கருத்திருந்தாலோ, நகம் பதிந்தாலோ இன்னும் காயவில்லை. சந்தேகம் இருந்தால் கம்பித் தட்டில் ஒரு நாள் வைத்துவிட்டு அப்புறம் வண்ணம் தீட்டலாம்.

உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அதனால் வார்னிஷை முன்பக்கம் மட்டும் அடித்தால் போதாது. பின்பக்கம், ஓரம், துளையின் உட்புறம் எல்லாவற்றிலும் படர வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத கிளையில் மாட்டுங்கள். அவ்வளவு உப்பைத் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

ஃபெல்ட் துணியில் ஈரம் பசையாக வருகிறது. நீர்த்த பசை துணியில் ஊறி, மறுபக்கம் கருந்திட்டாகத் தெரியும். காய்ந்தால் அந்த இடம் விறைத்துவிடும். இரண்டு துண்டுகளையும் ஓரம் சுற்றித் தைப்பதுதான் நல்லது. பஞ்சு வைக்க 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, தையல் இழுபடாத அளவு மட்டும் அடைத்து மூடுங்கள்.

காகிதத்துக்கும் அதே கதைதான். மெல்லிய தாளில் நீர்த்த பசை பட்டால் சுருக்கம் விழும், காய்ந்தாலும் போகாது. 160 ஜிஎஸ்எம் தாளும் குச்சிப் பசையும் எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டை ஒருமுறை அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும்.