கணக்கு சரி, ஆள் தப்பு: சாவிப் பரிமாற்றத்தில் நடுவில் நுழைபவரும் நாம் செய்யும் தவறுகளும்

முன்பின் பேசியிராத இருவர் திறந்த கம்பியிலேயே பேசி ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ள, டிஃபியும் ஹெல்மேனும் 1976-இல் வெளியிட்ட சாவிப் பரிமாற்ற முறையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், "ஒட்டுக்கேட்பவரால் கண்டுபிடிக்க முடியாது" என்ற இடத்திலேயே நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஒட்டுக்கேட்பவர் வெறும் காது மட்டும்தான். கையும் உள்ள ஒருவர் நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சின்ன எண்களில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு தாளும் பேனாவும் போதும்.

கயலும் மாறனும் ஊருக்கே தெரியும்படி இரண்டு எண்களை ஒப்புக்கொள்கிறார்கள்: 23, 5. கயல் தன் மனதுக்குள் 7-ஐ வைத்துக்கொள்கிறாள். 5-ஐ ஏழு முறை பெருக்கி, 23-ஆல் வகுத்தால் மீதி 17. அதை அனுப்புகிறாள். மாறனின் ரகசியம் 9. அவன் அனுப்புவது 11. இப்போது கயல் 11-ஐ ஏழாம் அடுக்குக்கு உயர்த்தி மீதி காண்கிறாள், 7 வருகிறது. மாறன் 17-ஐ ஒன்பதாம் அடுக்குக்கு உயர்த்துகிறான், அவனுக்கும் 7. அதுதான் இருவருக்கும் பொதுவான ரகசியச் சாவி. (கயலின் ரகசியமும் 7, சாவியும் 7 என்பது தற்செயல். சின்ன எண்களில் இப்படி நடக்கும்.)

இப்போது சேகர் நடுவில் வருகிறான். வைஃபை ரவுட்டர் அவன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய ரகசியம் 3, அதற்கான வெளி எண் 10. கயல் அனுப்பிய 17-ஐ அவன் பிடித்து வைத்துக்கொண்டு மாறனுக்கு 10-ஐ அனுப்புகிறான். மாறனின் 11-ஐயும் பிடித்துக்கொண்டு கயலுக்கும் அதே 10. கீழே பைத்தானில் `pow(10, 7, 23)` என்றால் 10-இன் ஏழாம் அடுக்கை 23-ஆல் வகுத்த மீதி.

```
pow(10, 7, 23)   # கயல்: 14
pow(17, 3, 23)   # சேகர், கயல் பக்கம்: 14
pow(10, 9, 23)   # மாறன்: 20
pow(11, 3, 23)   # சேகர், மாறன் பக்கம்: 20
```

ஒரு சாவி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. கயல் 4 என்ற எண்ணை அனுப்ப நினைக்கிறாள். சாவியைக் கூட்டி 23-ஆல் வகுத்த மீதியை அனுப்புவது நம் விளையாட்டுப் பூட்டு என்றால், 4-உடன் 14 சேர்ந்து 18 போகிறது. சேகர் 14-ஐக் கழிக்கிறான், 4 கிடைக்கிறது. படித்துவிட்டு அப்படியே அனுப்பவும் செய்யலாம், மாற்றவும் செய்யலாம். 4-ஐ 9 ஆக்கி, 20-ஐக் கூட்டினால் 29, மீதி 6. மாறன் 6-இலிருந்து 20-ஐக் கழித்து, பூச்சியத்துக்குக் கீழே போனதால் 23-ஐக் கூட்ட 9 வருகிறது. அவன் திரையில் பூட்டுப் படம் இருக்கிறது, கணக்கு சரியாக வந்திருக்கிறது, அவனுக்குச் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை.

முதல் தவறு: "எண் சின்னது, அதனால்தான்"

இந்தக் கணக்கைக் காட்டியதும் வரும் முதல் பதில் இதுதான். "நிஜத்தில் 2048 பிட் எண் அல்லவா!" ஆமாம். ஆனால் மேலே உள்ள நான்கு வரிகளைத் திரும்பப் பாருங்கள். சேகர் எங்கேயாவது கயலின் 7-ஐயோ மாறனின் 9-ஐயோ கண்டுபிடித்தானா? இல்லை. அவன் தனக்கென ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு, மற்ற இருவரும் செய்யும் அதே கணக்கைத்தான் இரண்டு முறை செய்தான். 23-க்குப் பதில் அறுநூறு இலக்க எண்ணைப் போட்டாலும், நீள்வட்ட வளைவு என்ற வேறு வகைக் கணக்குக்கு மாறினாலும், அவன் வேலை கொஞ்சமும் கடினமாகாது. பெரிய எண் காதுக்குப் பூட்டு. கைக்கு அது பொருட்டே இல்லை.

குறை இருப்பது வேறிடத்தில். கயலுக்கு வந்த 10 யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் பதிலே கிடையாது. அவள் "மாறனுடன் சாவி போட்டேன்" என்கிறாள். உண்மையில் "எதிர்முனையில் இருந்த யாரோ ஒருவருடன்" போட்டிருக்கிறாள்.

இரண்டாவது தவறு: அதே கம்பியில் சரிபார்ப்பது

அடுத்து வரும் யோசனை: சாவி போட்ட பிறகு ஒரு வணக்கத்தைப் பூட்டி அனுப்பி, எதிராளி அதைத் திறந்து பதில் சொல்கிறாரா என்று பார்க்கலாமே? கயலின் வணக்கத்தைச் சேகர் 14 கொண்டு திறந்து, 20 கொண்டு பூட்டி மாறனுக்குத் தருவான். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். சாவியிலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்ணை, அதாவது அதன் ஹாஷை, அனுப்பி ஒப்பிட்டாலும் கதை அதேதான். கயலின் ஹாஷை எடுத்துவிட்டு, மாறன் எதிர்பார்க்கும் ஹாஷை அவன் வைத்துவிடுவான்.

சேகர் கையில் இல்லாத வழி ஒன்று வேண்டும். கயல் மாறனை நேரில் பார்த்து "என்னிடம் 14, உன்னிடம்?" என்று கேட்டால், "20" என்ற ஒரே சொல்லில் குட்டு உடைந்துவிடும். சிக்னல், வாட்ஸ்ஆப் செயலிகளில் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் 60 இலக்க எண் இதற்காகத்தான். அது அந்த நேரத்துச் சாவி இல்லை, இருவரின் நிரந்தரச் சாவிகளிலிருந்து வருவது. அதை உரையாடலுக்குள்ளேயே ஒட்டி அனுப்பி ஒப்பிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொலைவில் உள்ள சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக முதல் தடவை நுழையும்போது வரும், அந்தச் சர்வருடைய சாவியின் கைரேகை சரியா என்ற கேள்விக்குப் படிக்காமல் `yes` அடிக்கும் நம் எல்லோருக்கும் அவர்களைக் குறை சொல்லத் தகுதி குறைவுதான்.

மூன்றாவது தவறு: கையெழுத்து போட்டாயிற்று, போதும்

முன்பின் தெரியாத இணையதளத்தோடு நேரில் எண் ஒப்பிட முடியாது. அதனால் மாறன் தன் 11-க்குக் கையெழுத்து போடுகிறான். அதையும் சின்ன எண்ணில் பார்ப்போம். அவனுடைய ஆர்எஸ்ஏ சாவி: வெளியே தெரிவது 85, 3. ரகசியம் 43.

```
pow(11, 43, 85)  # மாறன் போடும் கையெழுத்து: 46
pow(46, 3, 85)   # கயல் சரிபார்ப்பது: 11
```

சேகர் 11-ஐ 10 ஆக்கி, 46-ஐ அப்படியே விட்டால், கயலின் சரிபார்ப்பில் 11 வரும். வந்த எண் 10, பொருந்தவில்லை. 10-க்குப் புதிதாகக் கையெழுத்து போட 43 வேண்டும், அது அவனிடம் இல்லை. (85-ஐ 5 × 17 என்று பிரித்தால் 43 கிடைத்துவிடும். இங்கே எண்ணின் அளவு உண்மையிலேயே முக்கியம்.)

சரி, அந்த 85-உம் 3-உம் மாறனுடையவை என்று கயலுக்கு யார் சொன்னது? அதே கம்பியில் வந்திருந்தால், சேகர் தன்னுடைய வெளிச் சாவியை "இதுதான் மாறனின் சாவி" என்று தந்து, தன் 10-க்குத் தானே அழகாகக் கையெழுத்து போட்டுவிடுவான். பழைய ஓட்டையே ஒரு படி மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழை முன்பின் பாராமல் ஏற்பது துல்லியமாக இதுதான்.

சான்றிதழ் இந்த ஓட்டையை அடைப்பது எப்படி? "மாறனின் சாவி 85, 3" என்ற வாக்கியத்துக்கு மூன்றாம் நபர் ஒருவர் கையெழுத்து போடுகிறார். அந்த மூன்றாமவரின் வெளிச் சாவி சேகர் வரும் முன்பே, கயலின் போனிலோ பிரவுசரிலோ ஏற்றப்பட்டு வந்திருக்கிறது. நேரில் சந்தித்து எண் ஒப்பிடும் வேலையைச் சாதனம் தயாரித்தவர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

கயல் தன் பங்குக்குக் கையெழுத்து போடவில்லையே, சேகர் அவள் பக்கத்து எண்ணை மாற்றினால்? அவளுடைய 17-ஐ 10 ஆக்கலாம், மாறன் பக்கம் 20 வரும். ஆனால் கயலுக்கு மாறனின் உண்மையான 11 வந்திருப்பதால் அவளிடம் இருப்பது 7. அந்த 7 சேகருக்குத் தெரியாது. இருவரின் சாவியும் பொருந்தாமல் இணைப்பு ஆரம்பத்திலேயே முறிந்துவிடும். அவனால் முடிந்தது முன்பின் தெரியாத ஒரு வாடிக்கையாளராக மாறனிடம் பேசுவது மட்டும். அதை யாரும் செய்யலாம், அதனால்தான் உள்ளே போன பிறகு தளம் கடவுச்சொல் கேட்கிறது.

எதன்மேல் கையெழுத்து போடுகிறோம் என்பதிலும் ஒரு பொறி உண்டு. 2015-இல் வெளிவந்த லாக்ஜாம் தாக்குதலில் சர்வரின் கையெழுத்து நூறு சதவீதம் உண்மையானது. ஆனால் அது பரிமாற்ற எண்களை மட்டும் உறுதி செய்தது, எந்த வகைப் பரிமாற்றம் என்று பேசிக்கொண்டதை உறுதி செய்யவில்லை. நடுவில் இருந்தவர் பிரவுசரின் கோரிக்கையைத் திருத்தி ஏற்றுமதிக்கென்று வேண்டுமென்றே பலவீனமாக்கிய பழைய 512 பிட் வகையைக் கேட்டார், சர்வர் அதற்கு ஒழுங்காகக் கையெழுத்து போட்டுத் தந்தது, பிரவுசரும் ஏற்றுக்கொண்டது. 512 பிட்டை உடைக்க முடியும். பிரவுசரும் சர்வரும் பூட்டிப் பேசும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸின் 1.3 பதிப்பில் அதுவரை நடந்த மொத்தப் பேச்சின்மேலும் கையெழுத்து விழுவது இதற்கு மருந்து.

நான்காவது தவறு: நிரலில் நாமே கதவைத் திறந்து வைப்பது

கணக்கையெல்லாம் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்கூட விழும் இடம் இது. அலுவலகத்துச் சோதனை சர்வரில் சான்றிதழ் பிழை வருகிறது, மாலைக்குள் வேலை முடிய வேண்டும், சான்றிதழைச் சரிபார்ப்பதையே நிறுத்திவிடும், யாரோ எங்கேயோ எழுதிய `verify=False` கைகொடுக்கிறது. நானும் போட்டிருக்கிறேன். அது சோதனையிலிருந்து நேரடி சர்வருக்குப் போய் எட்டு மாதம் யார் கண்ணிலும் படாமல் ஓடியது. எல்லாம் வேலை செய்துகொண்டிருந்ததுதான் காரணம். சேகர் இல்லாத நாளில் இந்தத் தவறு வெளியே தெரியவே தெரியாது. உள் சர்வருக்குத் தனிச் சான்றிதழ்தான் என்றால், அதை வழங்கியவரின் மூலச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள்:

```
requests.get(url, verify="/etc/ssl/office-ca.pem")
```

இதைவிட நுணுக்கமானது, சான்றிதழ் செல்லுமா என்று மட்டும் பார்த்துவிட்டு யாருடைய சான்றிதழ் என்று பார்க்காமல் விடுவது. சேகருக்கும் சொந்தமாக ஒரு தளம் இருக்கலாம், அதற்கு முறையான சான்றிதழும் இருக்கலாம், இன்று அது இலவசமாகவே கிடைக்கிறது. "கையெழுத்து சரி, காலாவதி ஆகவில்லை" என்பதோடு நிறுத்தும் நிரல், மாறனைத் தேடிப் போய்ச் சேகரின் சான்றிதழைக் கண்டு தலையாட்டிவிடும். பைத்தானில் `ssl.create_default_context()` பெயரையும் சேர்த்தே பார்க்கிறது, யாராவது `check_hostname = False` என்று எழுதாதவரை. சி மொழியில் ஓப்பன்எஸ்எஸ்எல்லை நேரடியாகப் பயன்படுத்துபவர்கள் `SSL_set1_host` போன்ற ஒன்றைத் தாங்களே அழைக்க வேண்டும். தானாக நடக்காது.

மூன்றாமவரே ஏமாந்தால்? சான்றிதழ் வழங்கி வந்த நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் 2011-இல் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் சான்றிதழ் வழங்கிக்கொண்டார்கள், அது ஈரானில் இருந்த பயனர்கள்மேல் பயன்பட்டது. கையெழுத்துக் கணக்கு அங்கேயும் சரிதான். கூகுள் தளங்களுக்கு எந்தச் சாவிகளை மட்டும் ஏற்கலாம் என்று குரோம் தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்ததால்தான் எச்சரிக்கை வந்தது. பிரவுசர்கள் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின, அதே ஆண்டு செப்டம்பரில் அது திவாலானது. இன்று பொதுப் பிரவுசர்களுக்கான சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏற்றப்படுவதால், நம் தளத்தின் பெயரில் வேறு யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று நாமே தேடிப் பார்க்கலாம்.

உங்கள் நிரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சோதனைக்கென்றே வேண்டுமென்று தப்பாக அமைத்த மூன்று தளங்களுக்கு அதை அனுப்புங்கள்: `expired.badssl.com`, `self-signed.badssl.com`, `wrong.host.badssl.com`. மூன்றிலும் இணைப்பு மறுக்கப்பட வேண்டும். முதல் இரண்டில் மறுத்து மூன்றாவதில் பக்கத்தைக் கொண்டுவந்து தந்தால், பெயர்ச் சரிபார்ப்பு விடுபட்டிருக்கிறது.