பால்குடிக் குட்டிக் கறி வாங்கும் முன்

பெங்களூரு சிவாஜிநகரில் ஆட்டுக்கறி வாங்கும்போது "பால்குடிக் குட்டி சார்" என்று கூடுதல் விலை சொன்னால், முதலில் எலும்பைப் பாருங்கள். குட்டி என்றால் வெட்டிய எலும்பின் உள்ளே சிவந்து கசிவாக இருக்கும், முற்றிய ஆட்டில் வெளுத்து இறுகியிருக்கும். கறி வெளிறியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்தாலும் நிறம் போய்விடும்.

தசைக்குச் சிவப்பைத் தருவது இரும்புச்சத்துள்ள மயோகுளோபின். பாலில் இரும்பு மிகக் குறைவு, குட்டி அதிகம் ஓடியாடியதும் இல்லை, அதனால்தான் இளஞ்சிவப்பு. தசையை இணைக்கும் கொலாஜன் இன்னும் இறுகாததால் சீக்கிரம் வெந்துவிடும், குக்கரில் 2 விசிலே போதும், முற்றிய கறிக்குப் போல 6 வைத்தால் நார்நாராகப் பிரிந்துவிடும். அப்புறம், ஒரு கிலோவில் எலும்பே நிறைய போய்விடுவதால் சதைக்கு நாம் கொடுக்கும் விலை பில்லில் இருப்பதைவிடக் கூட.

எனக்கு உறுத்துவது வேறு. ஐரோப்பாவில் கன்றுக்கறி வெளுப்பாக வர வேண்டுமென்றே கன்றுகளுக்கு இரும்பைக் குறைத்து, திரும்பக்கூட இடமில்லாத தனிக்கூண்டில் அடைத்தார்கள், 8 வாரம் தாண்டிய கன்றுகளை அப்படி அடைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் முழுமையாகத் தடை செய்தது. நான் புல் மேய்ந்து வளர்ந்த இளம் ஆட்டையே கேட்டு வாங்குகிறேன், கொஞ்சம் சிவப்பாக இருக்கும், 4 விசில் ஆகும், ருசியும் கூடுதல்.