ஆளா, மிஷினா? சம உற்பத்திக் கோட்டில் சறுக்கும் இடங்கள்

கடலூரில் பொருளாதாரம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன். ஒரே அளவு உற்பத்தியைத் தரும் ஆள், மிஷின் சேர்க்கைகளைக் காட்டும் சம உற்பத்திக் கோட்டையும், ஒரே செலவில் கிடைக்கும் சேர்க்கைகளைக் காட்டும் சம செலவுக் கோட்டையும் எல்லாரும் அழகாக வரைந்துவிடுவார்கள். "சரி, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை வைத்திருப்பவர் எத்தனை ஆள், எத்தனை மிஷின் வைக்க வேண்டும்?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அந்தக் கொட்டகையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு நாளில் 20 மூட்டை கொட்டை உடைபட வேண்டும். ஆள்கூலி 500 ரூபாய். ஒரு மிஷினுக்கு நாளொன்றுக்கு ஆகும் செலவு 2,000 ரூபாய். ஆள் எண்ணிக்கையையும் மிஷின் எண்ணிக்கையையும் பெருக்கி 144 வந்தால் 20 மூட்டை முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கணக்கு எளிதாக வர நான் வைத்த எண்கள். யாரும் சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

| ஆள் | மிஷின் | நாள் செலவு (ரூ.) |
|---|---|---|
| 36 | 4 | 26,000 |
| 24 | 6 | 24,000 |
| 18 | 8 | 25,000 |
| 16 | 9 | 26,000 |

இந்த நான்கு சேர்க்கைகளும் ஒரே சம உற்பத்திக் கோட்டில் இருக்கும் புள்ளிகள். முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். 26,000 ரூபாய்க்கான சம செலவுக் கோட்டைப் போட்டால் அது வளைந்து செல்லும் சம உற்பத்திக் கோட்டை இந்த இரண்டு இடங்களில் வெட்டும். "வெட்டும் புள்ளிதானே விடை?" என்று ஒன்றைக் குறித்துவிடுவது அடிக்கடி பார்க்கிற தவறு. இரண்டு இடத்திலும் 20 மூட்டை முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் வளைகோடு செலவுக் கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்கிறது. அதே வேலையை இன்னும் குறைந்த பணத்தில் முடிக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. கோட்டை அதே சாய்வோடு உள்ளே தள்ளிக்கொண்டே வந்தால், 24,000 ரூபாயில் அது வளைகோட்டை வெட்டாமல் தொட்டு மட்டும் நிற்கும். 24 ஆள், 6 மிஷின்.

அடுத்தது எனக்குப் பெரிய தவறாகப் படுவது. படித்தவர்களும் செய்கிறார்கள், தொழில் செய்கிறவர்களும் செய்கிறார்கள். "ஒரு மிஷின் இத்தனை ஆள் வேலை செய்யும்" என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வது. மிஷின் விற்க வருகிறவர் அப்படித்தான் பேசுவார், அவர் பிழைப்பு அது. ஆனால் நம் கணக்கில் 3 மிஷினிலிருந்து 4-க்குப் போனால் 48 பேர் 36 ஆகிறார்கள். 12 ஆள் மிச்சம். 5-லிருந்து 6-க்குப் போனால் ஏறத்தாழ 5 ஆள். 6-லிருந்து 7-க்குப் போனால் மூன்றரை ஆள்கூட இல்லை. 8-லிருந்து 9 என்றால் வெறும் 2.

மிஷின் அதேதான், பலன் மட்டும் ஏன் இறங்குகிறது? கொட்டையைச் சல்லடையில் அளவு பிரித்து, அந்த அளவுக்குக் கத்தியைப் பொருத்தித்தான் மிஷினில் விடுகிறார்கள். ஒரே அளவாக இருக்கும் கொட்டைகளை முதல் சில மிஷின்களே எடுத்துக்கொள்ளும். பிறகு வருவதற்குக் கிடைப்பது மிகச் சிறியதும் கோணலானதும். அவற்றில் பல உடையாமலும் அரைகுறையாகவும் வெளியே வரும். அதைத் திரும்பவும் ஆள் உட்கார்ந்துதான் உடைக்க வேண்டும். வளைகோடு கீழே போகப்போகப் படுத்துக்கொள்வதும் மேலே போகப்போக நிமிர்வதும் இதனால்தான்.

ஒரு மிஷின் செலவு 4 ஆள்கூலிக்குச் சமம். ஆகவே அடுத்த மிஷின் 4 பேருக்கு மேல் மிச்சப்படுத்துகிற வரையில் வாங்கலாம். ஆறாவது மிஷின் 2,400 ரூபாய் கூலியை மிச்சப்படுத்துகிறது, 2,000 கேட்கிறது, வைக்கலாம். ஏழாவது சுமார் 1,700 ரூபாய்தான் மிச்சப்படுத்துகிறது, வேண்டாம். பாடநூலில் வரும் இறுதிநிலைத் தொழில்நுட்பப் பதிலீட்டு வீதம் என்ற நீளமான பெயர் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது.

எதை "ஒரே உற்பத்தி" என்கிறோம் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முந்திரியில் முழுப்பருப்புக்கு ஒரு விலை, பிளவுக்கு ஒரு விலை, தூளுக்கு ஒரு விலை. W320 என்ற தரம், ஒரு பவுண்டு எடையில் அதிகபட்சம் 320 முழுப்பருப்பு நிற்கும் அளவைக் குறிக்கும். கையால் உடைத்ததில் முழுசு அதிகமாகவும் மிஷினில் பிளவு அதிகமாகவும் வந்தால், இரண்டிலும் 20 மூட்டை முடிந்திருந்தாலும் அவை ஒரே கோட்டில் இல்லை. மூட்டையை எண்ணிக் கோடு போட்டால் மிஷின் பக்கம் இல்லாத லாபம் தெரியும். இத்தனை கிலோ முழுப்பருப்பு என்று இலக்கு வைத்துக் கோடு போட்டால், மிஷின் அதிகமாக உள்ள பக்கத்தில் கோடு வெளியே நகர்ந்துவிடும்.

கூலி உயரும்போது செலவுக் கோட்டை அப்படியே இணையாக உள்ளே தள்ளுகிறவர்களும் உண்டு. 24,000 ரூபாய்க்கு 48 ஆள் அல்லது 12 மிஷின் கிடைக்கும். கூலி 600 ஆனால் ஆள் முனை 40-க்கு வரும். மிஷின் முனை 12-லேயே நிற்கும், ஏனென்றால் மிஷின் விலை மாறவில்லை. அதனால் கோடு சாய்கிறது, சேர்க்கை மாறுகிறது. கூலியும் மிஷின் செலவும் ஒன்றாகப் பத்து சதவீதம் ஏறினால்தான் கோடு இணையாக நகரும். அப்போதும் 20 மூட்டைக்கு அதே 24 ஆளும் 6 மிஷினும்தான். செலவு மட்டும் 26,400.

கடைசியாக, அந்த 2,000 எங்கிருந்து வந்தது? மிஷின் 20 லட்சம் என்று வையுங்கள். ஆண்டுக்கு வட்டி 2 லட்சம், பத்து ஆண்டில் தேய்ந்துபோவதற்கு 2 லட்சம். ஆண்டில் 250 நாள் ஓடினால் நாளுக்கு 1,600. மின்சாரம், பழுது 400. வாங்கிய விலையையே செலவுக் கோட்டில் வைத்தால், ஒரு நாள் கூலியோடு பத்தாண்டு மிஷினை ஒப்பிடுகிற கதையாகிவிடும்.

ஓடும் நாளும் முக்கியம். உள்ளூர் அறுப்பை மட்டும் நம்பி 125 நாள்தான் ஓட்டுகிறார் என்றால் அதே மிஷினின் நாள் செலவு 3,600. இப்போது ஒரு மிஷின் 7 ஆளுக்கும் மேலே. 6 மிஷின் வைத்தால் 33,600 ஆகும். 4 மிஷினும் 36 ஆளும் என்றால் 32,400. வெளிநாட்டுக் கொட்டையை இறக்கி ஆண்டு முழுவதும் உடைக்கிறவருக்குச் சரியான சேர்க்கை இவருக்குச் சரிவராது.

"ஏற்கெனவே வாங்கிப் போட்டாச்சு சார், அப்போ மிஷினுக்கு விலை கிடையாதே?" என்று ஒரு மாணவர் கேட்டார். பாதி சரி. விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது என்றால் ஓட்டும் செலவான 400 மட்டுமே இன்றைய விலை. அப்போது கையிலிருக்கும் ஆறையும் ஓட்ட வேண்டியதுதான். பக்கத்துக் கொட்டகைக்காரர் நாளுக்கு 1,500 தந்து எடுத்துக்கொள்ளத் தயார் என்றால், சும்மா கிடக்கிற மிஷினுக்கும் 1,500 விலை உண்டு. அதை நாமே ஓட்டினால் 1,900 என்று எழுத வேண்டும். வாங்கலாமா என்று யோசிக்கும்போது போடும் கோடும், வாங்கியபின் ஓட்டலாமா என்று யோசிக்கும்போது போடும் கோடும் வேறு வேறு சாய்வுள்ளவை. இதைச் சொன்னபிறகு அந்த மாணவர் ஒரே படத்தில் இரண்டு செலவுக் கோடுகளை, இரண்டு நிற மையில் போட்டுக் காட்டினார்.