பழைய பாடப் புத்தகத்தைக் கட்டிக் கொடுக்கும் முன்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் தெருவில் புத்தகம் சேகரிக்க இளைஞர்கள் கிளம்பிவிடுவார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் சில வருஷங்களுக்கு முன்பு நாங்கள் செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. கிழிந்ததைக் கொடுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பதிப்பைப் பார்க்காமல் கொடுப்பது

2018 மே மாதம் நானும் நண்பர்கள் நாலு பேரும் வீடு வீடாகப் போய்ப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் நாற்பது செட் சேர்த்தோம். வேன் வாடகையைக் கைக்காசிலிருந்து கொடுத்து, கிராமத்தில் ஒரு மாலை வகுப்பில் இறக்கினோம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகள் லீவிலேயே படிக்க ஆரம்பிக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் அந்த ஆண்டுதான் மாறியது. 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம். மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு. செய்தித்தாளில் வந்த விஷயம்தான், எங்களில் ஒருவரும் அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவில்லை. ஒரு மாணவி இயற்பியல் புத்தகத்துக்குப் பிரவுன் ஷீட் போட்டு இரண்டு பாடம் படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பும் எழுதி வைத்திருந்தாள். பள்ளி திறந்து கையில் வந்த புத்தகம் வேறு. வகுப்பு நடத்திய அண்ணன் எங்களைத் திட்டவில்லை. "பாடம் மாறிடுச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணின் லீவு வீணானது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதே புத்தகங்கள் தேவைப்பட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். பிளஸ் ஒன்னுக்கு முதன்முதலாகப் பொதுத்தேர்வு நடந்ததும் 2018 மார்ச்சில்தான். அதில் ஏதாவது பாடத்தில் தவறியவர்கள் பழைய பாடத்தைத்தான் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அவர்களைத் தேடிக் கொடுத்திருந்தால் ஒரு புத்தகமும் வீணாகியிருக்காது. நாங்கள் தேடவில்லை. மூட்டை அந்தக் கிராமத்திலேயே கிடந்து, செல்லரித்து, எடைக்குப் போனது.

இதைத் தவிர்க்க ஒரு நிமிடம் போதும். முன்னட்டையைத் திருப்பினால் உள்பக்கத்தில் முதல் பதிப்பு எந்த ஆண்டு, திருத்திய பதிப்பு எந்த ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். வரும் ஆண்டுக்கான புத்தகத்தின் பொருளடக்கத்தோடு அதை ஒப்பிடுங்கள். பாடத் தலைப்புகளும் வரிசையும் ஒத்துப்போனால் தைரியமாகக் கொடுக்கலாம். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் இதே கதைதான். என்.சி.இ.ஆர்.டி. 2024இல் 3, 6 வகுப்புகளுக்கும், 2025இல் 4, 5, 7, 8 வகுப்புகளுக்கும் புத்தகத்தை மாற்றியது. அண்ணன் படித்த ஆறாம் வகுப்புப் புத்தகம் தம்பிக்கு உதவும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைக்க முடியாது.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குப் பாடநூல் விலையில்லாமல் கிடைக்கிறது. அங்கே மாநிலப் பாடப் புத்தகத்தை மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் அலமாரிதான் நிறையும். காசு கொடுத்து வாங்குவது தனியார் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். இன்னொரு பக்கம், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள புத்தகங்களைத் தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு அடிக்கோடிட்ட புத்தகமும் சம்மதம்தான்.

பருவத்தைக் கலப்பது

ஆறாம் வகுப்பில் மூன்று பருவத்துக்கும் தனித்தனிப் புத்தகம். மூன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டாம் பருவம் மட்டும் வந்தால் யாரும் வாங்கமாட்டார்கள்.

இலவசப் புத்தகத்தை விற்பது

"விற்பனைக்கு அன்று" என்று உள்ளே அச்சிட்டிருந்தால் சும்மா கொடுங்கள், விற்காதீர்கள்.

நோட்டில் வெற்றுத்தாளைப் பிடுங்குவது

நடுவில் பின் அடித்த நோட்டில் ஒரு தாளை இழுத்தால் மறுபாதியில் உள்ள அதன் ஜோடியும் கழன்று வரும். எனவே நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் இரண்டு கால்களையும் கரண்டிக் காம்பால் நிமிர்த்திவிட்டு, வெற்றுத்தாள்களை ஜோடியாகவே எடுங்கள். நாலு நோட்டிலிருந்து எடுத்ததை ஒன்றாக அடுக்கி, நடுவில் கோணி ஊசியால் மூன்று துளை போட்டுத் தைத்தால் ஒரு ரஃப் நோட்டு தயார்.

எழுதிய நோட்டு எடைக்குப் போகும் முன் லேபிளை உரித்துவிடுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, சில வீடுகளில் அப்பாவின் செல் நம்பர் வரை அதில் இருக்கும். அந்தத் தாள் ஆலைக்குத்தான் போகும் என்று சொல்ல முடியாது; பஜ்ஜி மடித்தும் ஊர் சுற்றும்.

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுவது

பழைய பேப்பர் கடையில் நோட்டுத்தாள், அட்டை, செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. கலந்து கொண்டுபோனால் குறைந்த விலைக்குத்தான் எடை போடுவார்கள். பிளாஸ்டிக் உறையையும் ஸ்பைரல் கம்பியையும் கழற்றிவிடுங்கள். கூழாக்கும் தொட்டியில் பிளாஸ்டிக் கரையாமல் தொல்லை கொடுக்கும். சின்ன பின்களைப் பிடுங்கி விரலைக் குத்திக்கொள்ள வேண்டாம், ஆலையில் அவை தனியாகப் பிரிந்துவிடும்.

ஜூன் வரை பரணில் போடுவது

மே முதல் வாரத்துக்குள் கை மாற்றிவிடுங்கள். அதற்குள் பெரும்பாலானவர்கள் புதுசு வாங்கியிருக்கமாட்டார்கள்.